வேங்கைக்கோட்டை நாடகத்தில் வரும் விலங்குகள்

மதுரை
18-5-1936

சௌபாக்கியவதி தங்கை முத்துவடிவுக்கு அண்ணன் பால்வண்ணநாதன் ஆசீர்வாதம். இங்கே நானும் பேராச்சியும் சுகம். என் மூல உபத்திரவம் வெயிலோடு கூடிக் குறைகிறது. நீயும் மாப்பிள்ளை குத்தாலிங்கமும் குற்றாலத்தில் சௌக்கியமாக இருப்பதாக எழுது.

சந்தோஷ சமாசாரம். நம் கடைக்குட்டி பேராச்சிக்கு இடம் அமைந்துவிட்டது. அம்பாசமுத்திரம் நயினார். மரவியாபாரம், மூன்று கட்டு வீடு, நல்ல சைவக் குடும்பம். முதல் தாரம் காய்ச்சலில் தவறி ஒன்றரை வருஷம் ஆகிறது. பிள்ளை கிடையாது. வயது நாற்பது என்று சொல்லுகிறார்கள், பார்த்தால் முப்பத்தைந்துதான் மதிக்கலாம். தை மாதம் முகூர்த்தம் வைக்கலாம் என்று பேச்சு.

நீ கேட்பாய் என்று நானே எழுதுகிறேன், பேராச்சியைக் கேட்டேன். சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். "நயினாருக்கு உன்னைக் கேக்காங்க, சம்மதந்தானா ஏட்டி?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு "சரி அண்ணாச்சி" என்றாள். பதினெட்டு வயதாகியும் கன்றுக்குட்டி மாதிரிதான் இருக்கிறாள். உன் மதினி போன பிறகு இந்த வீட்டில் எதிர்த்து ஒரு பேச்சு எழுந்ததில்லை. நீயும் பசுதான், அவளும் பசுதான். அப்பா அந்த விஷயத்தில் புண்ணியம் செய்தவர்.

இது நான் நாலு பேரிடம் விசாரித்து முடித்த காரியம். ஆகையால் அபிப்பிராயம் எதுவும் எழுத வேண்டாம். சந்தோஷத்தை மட்டும் எழுது.

இப்படிக்கு உன் நன்மையை நாடும்
பால்வண்ணநாதன்


குற்றாலம்
2-6-1936

அண்ணாச்சி அவர்கள் பாதங்களுக்கு முத்துவடிவு நமஸ்காரம். நாங்கள் இருவரும் நலம். மூலத்துக்குக் கருணைக்கிழங்கு சேர்த்துக்கொள்ளுங்கள், பேராச்சிக்கு நமைச்சல் இல்லாமல் சமைக்கத் தெரியும்.

தங்கள் கடிதம் கண்டேன். சந்தோஷத்தை மட்டும் எழுதச் சொன்னீர்கள். இங்கே சாரல் தொடங்கிவிட்டது, அது சந்தோஷம். பேரருவியில் தண்ணீர் கலங்கலாக விழுகிறது. உங்கள் மாப்பிள்ளை மேனேஜராக இருக்கும் பங்களாவில் எல்லா அறைகளுக்கும் ஆள் வந்தாயிற்று. நயினார் எங்களுக்குப் புதியவர் இல்லை. இரண்டு சீஸனுக்கு இதே பங்களாவில்தான் வந்து தங்கினார், முதல் சம்சாரம் தங்கத்தாயையும் ஒரு வேட்டைநாயையும் கூட்டிக்கொண்டு. தங்கத்தாய் நல்லவள்.

வேறொரு விஷயம். தென்காசியில் ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருக்கிறது. உங்கள் மாப்பிள்ளைக்கு அவர்களோடு பழக்கம். அவர் 'வேங்கைக்கோட்டை' என்று ஒரு சோக நாடகம் எழுதியிருக்கிறார். நான்தான் நகல் எடுக்கிறேன். தமிழ்ப் பண்டிதர் ஒருவர் பார்த்துச் சரி என்று சொன்னால் ஆடலாம் என்று கம்பெனி வாத்தியார் சொன்னாராம். நம் வீட்டிலேயே பண்டிதர் இருக்கும்போது வெளியே போவானேன்? முதல் இரண்டு அங்கங்களை அனுப்பியிருக்கிறேன். பென்சிலால் தாராளமாகத் திருத்துங்கள்.

பேராச்சி சாப்பிடுகிறாளா என்று எழுதவும்.

தங்கள் அன்புள்ள
முத்துவடிவு


மதுரை
15-6-1936

தங்கை முத்துவடிவுக்கு ஆசீர்வாதம். கருணைக்கிழங்கு குணம் தெரிகிறது. பேராச்சி சாப்பிடுகிறாள், ஏன் சாப்பிடாமல் இருக்கப் போகிறாள்?

நாடகத்தை ஒரே மூச்சில் படித்தேன். மாப்பிள்ளை வாடகைச் சீட்டுக்கு மேல் எதுவும் எழுதி நான் பார்த்ததில்லை. எனக்கு ஆச்சரியம், ஆச்சரியத்தோடு கொஞ்சம் சந்தேகம். யாரிடமாவது வாங்கி எழுதினாரா என்று மெதுவாகக் கேட்டுப் பார்.

கதை புரிந்தது. அறவாழி என்ற அமைச்சர், தன் தங்கை பூங்கொடியை வேங்கைக்கோட்டைத் தலைவன் வயவனுக்குக் கொடுக்கிறார். கோட்டையில் கோடன் என்று ஒரு காவலாள். இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது விலங்குகள். பக்கத்துக்குப் பக்கம் ஒரு விலங்கு குறுக்கே போகிறது. சோக நாடகத்தில் இது நல்ல உத்தி. மேடையில் ஒருவன் வந்து நின்றவுடன் இவன் தின்கிறவனா, தின்னப்படுகிறவனா என்று சபைக்கு ரத்தத்திலேயே தெரிந்துவிடும். பசியும் கொடுமையும் ஒரு பக்கம், குற்றமற்ற சீவன் மறுபக்கம். தருக்கத்துக்கு வேலையே இல்லை.

பரீட்சைத் தாள் திருத்துகிற பழக்கம், ஒரு அட்டவணை போட்டுவிட்டேன். வயவன்: சிங்கம், காளை. வீரம், பெருந்தன்மை. பூங்கொடி: மான், கன்று, மயில், புறா. கபடமில்லாதவள். கோடன்: பாம்பு, நாய், நரி. இவனே விஷம். வயவனின் காதில் ஏதோ ஊதி, அந்தப் பெண்ணைக் கொல்லவைக்கப் போகிறவன் இவன்தான் என்று இரண்டாம் அங்கத்திலேயே கண்டுகொண்டேன்.

இரண்டாம் அங்கத்தில் சுடலைமாடன் கோவில் கொடைத் திருவிழாக் காட்சி மிக உருக்கம். ஆட்டுக்கு மாலை போட்டு மஞ்சள்நீர் தெளிக்கிறார்கள். அது குளிரில் உடம்பைச் சிலுப்புகிறது. "உத்தரவு கிடைச்சாச்சு" என்று கூட்டம் சொல்லுகிறது, வெட்டுகிறார்கள். நம் பக்கத்துத் தெருக் கொடையில் சின்ன வயதில் எட்டிப் பார்த்துவிட்டு நீ இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாய், ஞாபகம் இருக்கிறதா? அடுத்த காட்சியில் அறவாழி தங்கையிடம் சம்மதம் கேட்கிறார். அவள் நனைந்த கூந்தலோடு நிற்கிறாள், நடுங்குகிறாள். "சம்மதம்" என்கிறார் அறவாழி. பூங்கொடியின் குழந்தைமையைக் காட்ட இதைவிட என்ன வேண்டும்? ஓரத்தில் 'நன்று' என்று எழுதியிருக்கிறேன்.

அறவாழி பாத்திரம் கம்பீரமாக வந்திருக்கிறது. ஏதோ தெரிந்த முகமாக இருக்கிறது.

அண்ணன்
பால்வண்ணநாதன்


குற்றாலம்
28-6-1936

அண்ணாச்சி அவர்களுக்கு முத்துவடிவு வணக்கம். எல்லாரும் நலம். எனக்கு மட்டும் சாரலில் நனைந்து இருமல், சுக்குக் கஷாயம் குடிக்கிறேன்.

நீங்கள் 'நன்று' போட்டதைக் கண்டு சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. மூன்றாம் அங்கம் இத்துடன். அட்டவணையில் யாருக்கு எந்த விலங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு கட்டத்துக்கு இடம் இருக்கிறதா பாருங்கள். நகல் எடுக்கிறவளுக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

உங்கள் மாப்பிள்ளை யாரிடமும் வாங்கி எழுதவில்லை. அவரிடம் கேட்டேன், சிரித்தார்.

ஒரு வேண்டுதல். பேராச்சியைப் பத்து நாள் இங்கே அனுப்புங்கள். சாரல் பார்த்து அவளுக்கும் எத்தனை வருஷம் ஆயிற்று. ரயிலில் தென்காசிக்கு வந்து இறங்கினால் உங்கள் மாப்பிள்ளை வண்டி வைத்துக்கொண்டு நிற்பார். கல்யாணத்துக்கு முன் அக்காளோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

தங்கள்
முத்துவடிவு


மதுரை
6-7-1936

தங்கை முத்துவடிவுக்கு. சுகம். உன் இருமல் எப்படி? கஷாயத்தில் மிளகும் சேர்.

மூன்றாம் அங்கம் படித்தேன். அன்றிலிருந்து என் மனசு சரியில்லை. எதையும் சுற்றிவளைக்காமல் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துவிடு, மாப்பிள்ளை கண்ணில் படக் கூடாது.

கோடன் இந்த அங்கத்தில் பூங்கொடிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறான். அவளிடம் தனியாகப் பேசுகிறான். வடக்கு வாசலைத் திறந்து வைக்கிறேன், போய்விடு என்கிறான். அறவாழி இவனைப் "பால் குடிக்க வந்த பாம்பு" என்று சரியாகவே சொல்லுகிறார். இதுவரை பாம்பு பதினொன்று, நாய் ஒன்பது, நரி நாலு, எண்ணிவிட்டேன். இருபத்துநாலு தடவை ஒருவனை மிருகம் என்று எழுதுகிறவனுக்கு அந்த மிருகத்தோடு நெருங்கின பழக்கம் இருக்க வேண்டும். ஒருவன் தன் மனசில் உள்ளதை நாடகத்தில் கொட்டி ஆற்றிக்கொள்வது உண்டு.

உனக்குக் கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அக்காளுக்குப் பிள்ளை இல்லையென்றால் தங்கையையும் கட்டிக்கொள்வது நம் பக்கத்தில் நடக்காததா? குத்தாலிங்கத்துக்கு அந்த எண்ணம் இருக்கிறதா? நயினார் சம்பந்தம் பேசின அதே மாதத்தில் இந்த நாடகம் எப்படி முளைத்தது? தலைவனுக்குக் கட்டிக்கொடுத்த பெண்ணை வாசல் திறந்து கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிற காவலாள், பங்களாவுக்குக் காவல் இருக்கிற மேனேஜர். நான் முட்டாள் இல்லை. பேராச்சியை அனுப்பச் சொன்னது நீயா, அவர் சொல்லி நீ எழுதினாயா?

பேராச்சி வரமாட்டாள். உண்மையை எழுது. பயப்படாதே.

பால்வண்ணநாதன்


குற்றாலம்
30-7-1936

அண்ணாச்சிக்கு முத்துவடிவு வணக்கம். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் இருமல் இல்லை.

உங்கள் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. உங்கள் மாப்பிள்ளையிடமே கொடுத்தேன். படித்தார். "அண்ணாச்சி என்னைய இப்படியா நெனைக்காக?" என்று கேட்டார். பிறகு எழுந்து பங்களா வேலைக்குப் போய்விட்டார். ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு அப்படி ஒரு எண்ணம் கிடையாது. என்மேல் ஆணை.

கடைசி இரண்டு அங்கங்களையும் அனுப்பியிருக்கிறேன். முழுவதையும் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள்.

பேராச்சிக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருந்தேன். அவள் கைக்குப் போய்ச் சேர்ந்ததா?

முத்துவடிவு


மதுரை
5-8-1936

முத்துவடிவுக்கு. இங்கே குறைவில்லை.

பேராச்சிக்கு வந்த கடிதம் என் மேஜையில் இருக்கிறது, உறை பிரிக்கவில்லை. கல்யாணம் நிச்சயமான பெண்ணின் மனசைக் கலைக்கிற எதையும் இந்த வீட்டுக்குள் விடமாட்டேன்.

முடிவைப் படித்தேன். நாலாம் அங்கத்தில் பூங்கொடி சொல்லும் மான் வரிக்குக் கீழே 'எழுவாய் தெளிவில்லை' என்று குறித்திருக்கிறேன். வயவன் பூங்கொடியைக் கொல்லுகிறான். கோடன்மேல் சந்தேகம் வந்து கொல்லுகிறான். நான் சொன்னது நடந்தது பார், பாம்பு இல்லாவிட்டால் சிங்கம் கெட்டிருக்காது. இதை எனக்கு மறைமுகமான மிரட்டலாக எடுத்துக்கொள்ளுகிறேன். "நயினாருக்குக் கொடுத்தால் நான் இடையில் வந்து நிற்பேன், பெண் சாவாள்" என்று குத்தாலிங்கம் எனக்குச் சொல்லுகிறார். அவர் சாப்பிடாமல் இருந்ததாக எழுதியிருக்கிறாய். மாட்டிக்கொண்டவன் வேறு என்ன செய்வான்?

ஆகையால் தை வரைக்கும் காத்திருக்கப் போவதில்லை. ஆடி கழிந்தவுடன், ஆவணி இருபத்தொன்றில் முகூர்த்தம். நயினாரும் சம்மதித்துவிட்டார். கல்யாணத்துக்கு நீ மட்டும் வந்தால் போதும்.

பால்வண்ணநாதன்


குற்றாலம்
14-8-1936

அண்ணாச்சி அவர்களுக்கு முத்துவடிவு வணக்கம். நலமா என்று கேட்க இன்றைக்கு மனசு வரவில்லை, மன்னிக்கவும்.

நாடகத்தை எழுதியது உங்கள் மாப்பிள்ளை இல்லை. நான்.

நீங்கள் உள்ளே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போது கதவுக்குப் பின்னால் அரிசி புடைத்துக்கொண்டு கேட்டுக் கற்றது. என் பெயரில் அனுப்பியிருந்தால் பென்சிலைக் கையில் எடுத்திருக்கமாட்டீர்கள். அபிப்பிராயம் எழுதாதே என்று முதல் கடிதத்திலேயே வாயை அடைத்துவிட்டீர்கள். கதையாக எழுதினால் உள்ளே போகும் என்று நினைத்தேன். போனது, போய்த் தலைகீழாக நின்றது. தையில் இருந்த கல்யாணத்தை என் நாடகமே ஆவணிக்கு இழுத்துவந்துவிட்டது. அந்தப் பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் அட்டவணையில் ஒரு கட்டம் இல்லை என்று சொன்னேனே, அது சொல்லுகிறவரின் கட்டம். யாரைச் சொன்னது என்று எண்ணினீர்கள், யார் சொன்னது என்று எண்ணவில்லை. மூன்றாம் அங்கம் வரை கோடனுக்கு இருபத்துநாலு மிருகம். அதில் இருபத்தொன்று அறவாழியின் வாயிலிருந்து வருகிறது, மூன்று வயவனுடையது. மேடையில் கோடன் என்ன செய்கிறான்? தண்ணீர் கொடுக்கிறான், கதவைத் திறக்கிறான். யாரையாவது கடித்தானா? ஒருவரைப் பாம்பு என்று சொன்னால் அந்த ஆள் பாம்பு என்று ஆகிவிடாது, சொன்னவருடைய பயம்தான் வெளியே தெரியும்.

வயவனுக்குச் சிங்கமும் காளையும் யார் கொடுத்தது? அதுவும் அறவாழிதான், அத்தனையும். வயவன் வாயைத் திறந்தால் என்ன வருகிறது என்று பாருங்கள். அவன் செய்கைக்கு மிருகத்தின் பெயர் ஒன்றுமே நானாக வைக்கவில்லை, வேண்டுமென்றே. பெயர் வைத்தால் நீங்கள் எண்ணிவிடுவீர்கள், அறவாழி அதைப் புகழ்ச்சியாக மாற்றிவிடுவார். அவனுக்கு வினைச்சொல் மட்டும் கொடுத்தேன். பெண்பார்க்க வந்த இடத்தில் அவளை மோந்து பார்க்கிறான். விருந்தில் எலும்பைக் கடித்து, நக்கி, பாதியில் துப்புகிறான். "இளங்கன்றின் தோல்தான் மெது" என்று கையுறையைத் தடவிக்கொண்டு சொல்லுகிறான், அப்போது அவன் கண் பூங்கொடியின்மேல் இருக்கிறது. முதலில் தன் நாய்க்குச் சோறு வைத்துவிட்டுப் பிறகுதான் அவளை உட்காரச் சொல்லுகிறான். பசி என்பது பெயரில் இல்லை அண்ணாச்சி, வாயும் பல்லும் செய்கிற வேலையில் இருக்கிறது.

பூங்கொடிக்கு மான், கன்று, மயில், புறா என்று முப்பது தடவை வருகிறது. அதுவும் பெரும்பாலும் அறவாழி. அன்பாகத்தான் சொல்லுகிறார். அன்பாகச் சொல்லச் சொல்ல அவளுக்கு வாய் இல்லாமல் போகிறது, கன்றைப் பிடித்துக் கொடுப்பதற்கு யாரும் கன்றிடம் கேட்பதில்லை. அவள் தன்னை மிருகமாகச் சொல்லுவது ஒரே ஒரு தடவை, நாலாம் அங்கத்தில். "மானுக்குக் காடு இருக்கிறது, ஓடலாம். எனக்கு நீங்கள் வைத்த பெயர் மட்டும்தான் மான்." அந்த வரியின் கீழே நீங்கள் எழுவாய் தெளிவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

கொடை ஆட்டுக்கு 'நன்று' போட்டீர்கள். ஆடு சிலுப்புவது குளிரால். அதைச் சம்மதம் என்று சொல்லுவது தண்ணீர் ஊற்றினவர்கள். அடுத்த காட்சியில் தண்ணீர் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். தெரிந்த முகம் என்றீர்களே.

இனிமேல் நாடகம் வேண்டாம், கண்ணால் கண்டதை எழுதுகிறேன். தங்கத்தாய் இரண்டு சீஸனிலும் பெண்கள் கூட்டத்தோடு அருவிக்கு வரமாட்டாள். இரண்டாவது வருஷம் நான்தான் வற்புறுத்திக் கூட்டிப் போனேன். தண்ணீர் விழுந்து சேலை முதுகோடு ஒட்டியபோது பார்த்தேன். நாய்ச் சங்கிலியின் தடம், கண்ணி கண்ணியாக, பழையதும் புதியதும். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். "விழுந்துட்டேன்க்கா" என்றாள். ஐந்து மாதம் கழித்துக் காய்ச்சலில் போனதாகச் சொன்னார்கள். அந்தக் காய்ச்சலை நான் நம்பவில்லை. அன்றைக்கு நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை, அதற்கு எனக்கு மன்னிப்பு இல்லை. உங்கள் மாப்பிள்ளைக்கும் தெரியும். நயினார் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "ஏலே நாயே, கதவத் தெற" என்பார்.

பேராச்சியைக் காப்பாற்றுங்கள். காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

முத்துவடிவு


குற்றாலம்
28-8-1936

அண்ணாச்சி அவர்களுக்கு.

மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

முத்துவடிவு


மதுரை
4-9-1936

தங்கை முத்துவடிவுக்கு ஆசீர்வாதம். அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை, பழக்கத்தில் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துக் கோபத்தில் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். பத்திரிகைக்கு மஞ்சள் தடவியதும் அதே கோபத்தில்தான். குத்தாலிங்கம் சொல்லச்சொல்ல நீ எழுதியது என்றே முதலில் நம்பினேன். ஒரு தங்கைக்கு இவ்வளவு எழுத வரும் என்பதை ஏற்றுக்கொள்வதைவிட, ஒரு மாப்பிள்ளை சதி செய்கிறான் என்று நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன்னைத் தோற்கடிக்கத்தான், புதுத் தாளில் சொல்லுகிறவர் கட்டம் ஒன்று சேர்த்து எண்ணினேன். இருபத்தொன்று சரியாக வந்தது. சிங்கம் எட்டு, காளை ஐந்து, பதின்மூன்றும் அறவாழி. ஐந்து அங்கத்திலும் அறவாழி ஒருவரைப் பார்க்குமுன் அவருக்கு ஒரு மிருகத்தை ஒட்டிவிடுகிறார், பிறகு அந்த மிருகத்தோடுதான் பேசுகிறார். உனக்கு நான் எழுதிய கடிதங்களுக்கு நகல் வைத்திருக்கிறேன் அல்லவா, அதையும் எடுத்து அதே கட்டங்களில் எண்ணினேன். முதல் கடிதத்தில் ஒரு பத்திக்குள் இரண்டு பசுவும் ஒரு கன்றும். அதற்கு மேல் எண்ண முடியவில்லை.

அப்போதும் முழுதாக நம்பவில்லை. கல்யாணச் சாமான் விஷயமாகப் பேசுகிறேன் என்று அம்பாசமுத்திரம் போனேன். நயினார் மரியாதையாக உபசரித்தார். பேச்சில் ஒரு குறை இல்லை. முப்பிடாதி என்று ஒரு வயதான சமையற்காரி பரிமாறினாள். முதல் அம்மாளுக்கு எத்தனை நாள் காய்ச்சல் என்று அவளிடம் கேட்டேன். அவள் இலையைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா அய்யா?" என்றாள். சாப்பிட்டு முடிந்து நயினார் வெற்றிலைத் தட்டை எடுக்கக் கையைச் சற்று உயரத் தூக்கினார். அவ்வளவுதான் செய்தார். பக்கத்தில் நின்ற முப்பிடாதி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் கவனிக்கவே இல்லை, அவருக்கு அது பழகிப்போன காட்சி. நான் வெற்றிலையைத் தொடாமல் எழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கல்யாணம் இல்லை என்று ஆள் அனுப்பிவிட்டேன். ஊரில் என்ன சொல்லுகிறார்கள் என்பதை எழுதப் போவதில்லை. மாப்பிள்ளையிடம் மன்னிப்பைக் கடிதத்தில் கேட்க முடியாது, நேரில் வந்து கேட்கிறேன். வாசலில் நிற்கவைத்துப் பேசினாலும் சரிதான்.

பேராச்சியிடம் சொன்னேன். "அந்த நயினார் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றேன். "சரி அண்ணாச்சி" என்றாள். முத்துவடிவு, மே மாதம் சொன்ன அதே "சரி". ஒரு இம்மி வித்தியாசம் இல்லை. அவள் சந்தோஷப்பட்டாளா, அழ நினைத்தாளா, எனக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருஷம் கூட இருந்தும் தெரியவில்லை.

நாளை ரயிலில் அவளைத் தென்காசிக்கு ஏற்றிவிடுகிறேன். பிரிக்காத உன் கடிதத்தையும் அவள் கையில் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு வரச் சொல். எப்போது திரும்ப வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

பால்வண்ணநாதன்


குற்றாலம்
21-9-1936

அண்ணாச்சி அவர்களுக்குப் பேராச்சி வணக்கம். நான் சுகமாக வந்து சேர்ந்தேன். அத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? உப்புச் சாடி இரண்டாவது தட்டில் இருக்கிறது.

இந்தக் கடிதம் அக்காள் சொல்லி எழுதுவது இல்லை. அவள் அருவிக்குப் போயிருக்கிறாள்.

நீங்கள் முதலில் கேட்டபோது நான் சரி என்று சொன்னது சம்மதம் இல்லை. என் கையில் கரண்டி இருந்தது, உங்கள் இலையில் பாதிச் சோறு இருந்தது. அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு தடவை கேட்பீர்கள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நயினார் வீட்டுச் சமாசாரம் எனக்கு முன்னமே தெரியும், குழாயடியில் அம்பாசமுத்திரத்துப் பெண் ஒருத்தி சொல்லியிருக்கிறாள்.

நான் இப்போதைக்கு மதுரைக்கு வரவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. கூப்பிட வர வேண்டாம். நானாக எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாடகத்தை நானும் படித்தேன். நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு தினமும் உங்கள் மேஜையைத் துடைக்கிறவள் நான்தானே. முதல் அங்கத்திலேயே அக்காள் எழுதியது என்று தெரிந்துவிட்டது, யாரைப் பற்றி என்றும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் சாயங்காலம் பென்சிலைச் சீவிக்கொண்டு அந்தத் தாள்களுக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம், இன்றைக்குப் புரிந்துவிடும், எழுந்துவந்து என்னிடம் ஏதாவது கேட்பீர்கள் என்று அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். இரண்டரை மாதம் நின்றேன் அண்ணாச்சி. நீங்கள் ஒவ்வொரு நாளும் கோடு போட்டு எண்ணிவிட்டு, காபி கேட்டீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேராச்சி